20 நாள் சராசரியை விட்டு 20 விழுக்காடு விலகியதும் விற்றேன்; விலை நிற்கவில்லை

எடைமேடைத் தம்பி | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். குலை லாரி வராத நேரத்தில் கைப்பேசியில் பங்கு விலை பார்ப்பது வழக்கம். பங்கின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும்.

1.10 வெள்ளிக்கு வாங்கினேன். எனக்கு ஒரு விதி இருக்கிறது. விலை தன் 20 நாள் சராசரியைவிட 20 விழுக்காடு மேலே போனால் பங்கு களைத்துவிட்டது, விற்றுவிட வேண்டும். 1.38 வந்தபோது சராசரி 1.15. கணக்குப் போட்டேன், சரியாக 20 விழுக்காடு. விற்றுவிட்டேன். 28 காசு லாபம், சந்தோஷமாக இருந்தது.

அது நடந்து 18 வர்த்தக நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை 1.97இல் முடிந்தது. இரண்டு வாரமாக ராத்திரி தூக்கம் சரியில்லை. விதி தவறா, நான் பார்த்த விதம் தவறா? விலை இறங்கி சராசரிக்கு வரும் என்று காத்திருக்கலாமா?

கணக்கு டீச்சர் | இரவு 9.32

தம்பி, விதியில் தவறில்லை, பொறுமைதான் வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நான் பார்த்த அத்தனை பங்கிலும் விலை சராசரியிடம் திரும்பி வந்திருக்கிறது, ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. ரப்பர் வளையத்தை எவ்வளவு இழுத்தாலும் விட்டதும் சுருங்கத்தானே வேண்டும்? 1.97 நிச்சயம் கீழே வரும். அப்போது வாங்குங்கள்.

சந்தைக் கடை மாமா | இரவு 9.40

என் சராசரி 6.20. கையுறைப் பங்கு. இன்றைய விலை ஒரு வெள்ளிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாமா என்று நானும் கேட்க நினைத்தேன். 20 நாளில் சராசரி குறையுமா?

கிராணி வீட்டுப் பிள்ளை | இரவு 10.05

மாமா, நீங்கள் சொல்வது நீங்கள் வாங்கிய விலையின் சராசரி. இங்கே பேசுவது கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி. அது உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான், யார் எப்போது வாங்கினார் என்று அதற்குத் தெரியாது. உங்கள் கேள்விக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன். இப்போதைக்கு அவசரப்பட்டுக் கூடுதலாக வாங்க வேண்டாம்.

தம்பி, நான் கோலாலம்பூரில் சரக்குச் சந்தைப் புரோக்கர் நிறுவனம் ஒன்றில் 20 ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு இப்போது தெலுக் இந்தானுக்கே திரும்பி வந்திருக்கிறேன். நீங்கள் செய்த தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அடுத்தவர் பணத்தில். ஒன்று மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விலைக்கு, அன்றைய 20 நாள் சராசரியிலிருந்து விலகல் எத்தனை விழுக்காடு? விலைகளை ஒரு விரிதாளில் B2 முதல் B21 வரை, பழையது மேலே, புதியது கீழே வருமாறு போட்டு இதை எழுதுங்கள்:

```
=B21/AVERAGE(B2:B21)-1
```

எடைமேடைத் தம்பி | இரவு 10.31

போட்டேன் ஐயா. சராசரி 1.64. விலகல் 20 விழுக்காடு.

இரண்டு தடவை சரிபார்த்தேன். 1.38இல் விற்ற அன்று இருந்ததும் 20தான். எப்படி ஐயா இது? நடுவில் 59 காசு ஏறியிருக்கிறதே!

கிராணி வீட்டுப் பிள்ளை | இரவு 11.02

இதுதான் விஷயம். சராசரி ஓரிடத்தில் நின்று விலைக்காகக் காத்திருக்கும் கம்பம் இல்லை. அதுவும் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் பழைய தாழ்ந்த விலை ஒன்று கழன்று போகிறது, புதிய உயர்ந்த விலை ஒன்று உள்ளே வருகிறது.

ஒரு பங்கு நாள்தோறும் ஒரே வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1 விழுக்காடு என்றால், முதல் 20 நாள் கழித்து விலகல் 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். அதற்குமேல் கூடாது, குறையவும் செய்யாது. நாளுக்கு 2 என்றால் ஏறத்தாழ 20இல் நிற்கும். 3 என்றால் 30. உங்கள் பங்கு 18 நாளாகச் சராசரியாக நாளுக்கு 2 விழுக்காடு ஏறியிருக்கிறது. அதனால்தான் 1.38இலும் 20, 1.97இலும் 20.

கடந்த 20 நாளின் நடுப்புள்ளி இன்றிலிருந்து ஒன்பதரை நாள் பின்னால் இருக்கிறது. ஒன்பதரை நாளில் விலை எவ்வளவு ஓடியதோ, ஏறக்குறைய அதுவே விலகல். ஆகவே இந்த எண் போன மாதத்தின் வேகத்தைச் சொல்கிறது. களைப்பைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு இன்னொரு செய்தி கூட வேண்டும்.

லாரி ராஜன் | இரவு 11.15

வேகமானியைப் பார்த்து டீசல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. பாகான் டத்தோ ரோட்டில் 110இல் போகிறேன் என்றால் 110இல் போகிறேன், அவ்வளவுதான். தொட்டி நிரம்பியிருக்கலாம், வற்றியிருக்கலாம்.

கணக்கு டீச்சர் | திங்கள், காலை 6.20

பள்ளி விடுமுறை, ராத்திரியே எழுந்து கணக்குப் போட்டேன். ஒரே வேகத்தில் ஏறும் பங்குக்கு நீங்கள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பேச்சு இன்னும் நிற்கிறது. எந்தப் பங்கும் நாளுக்கு 2 விழுக்காடு என்றென்றும் ஏறாது. நின்றே ஆக வேண்டும். நின்றதும் விலகல் பூஜ்யத்துக்கு வரும். நான் சொன்ன ரப்பர் வளையம் சுருங்கியதாகத்தானே அர்த்தம்?

கிராணி வீட்டுப் பிள்ளை | காலை 7.45

டீச்சர், விலகல் பூஜ்யத்துக்கு வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யார் யாரிடம் வந்தது என்பதுதான் பணம்.

விலை இன்று 1.97இல் நின்றுவிடட்டும். ஒரு காசும் இறங்க வேண்டாம். 10 வர்த்தக நாள் கழித்துச் சராசரி 1.89க்கு ஏறி வந்துவிடும். விலகல் வெறும் 4 விழுக்காடு. இன்னும் 10 நாளில் சராசரியும் 1.97. வளையம் முழுக்கத் தளர்ந்துவிட்டது, 1.38இல் விற்றவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. இன்னொன்று: வேகம் 2இலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தால் ஒரு மாதத்தில் விலகல் பாதியாகும், விலையோ அதற்குள் இன்னும் 22 விழுக்காடு ஏறியிருக்கும். நீங்கள் பார்த்த பங்குகள் எல்லாம் சராசரியிடம் திரும்பியது உண்மை. அவற்றில் எத்தனையில் விலை கீழே வந்தது, எத்தனையில் சராசரி மேலே போனது என்று பிரித்து எண்ணிப் பாருங்கள்.

கணக்கு டீச்சர் | காலை 8.02

பிரித்து எண்ணியதில்லை. எண்ணுகிறேன்.

லாரி ராஜன் | மதியம் 12.50

சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன். என் கதையையும் சொல்கிறேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் லாரி பாதி நாள் நிறுத்திக் கிடந்தது. எல்லாரும் கையுறைப் பங்கு பேசினார்கள். டாப் கிளோவ் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 5 வெள்ளிக்குக் கீழே, ஆகஸ்டில் 28 வெள்ளிப் பக்கம். நான் நடுவழியில் ஏறி, விலகலைப் பார்த்துப் பயந்து இறங்கி, மறுபடி மேலே வாங்கி, மறுபடி பயந்து இறங்கியவன். மூன்று முறை. மூன்று முறையும் "இதற்குமேல் எங்கே போகும்" என்றுதான் விற்றேன்.

பிறகு செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் கொடுத்தார்கள். அன்று காலை என் வரைபடம் பழைய விலைகளைச் சரிசெய்யாமல் காட்டியது. விலை மூன்றில் ஒரு பங்காகத் தெரிகிறது, சராசரி மட்டும் மேலே தொங்குகிறது. விலகல் மைனஸ் 65! நெஞ்சே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பையன்தான் "அண்ணன், உங்கள் பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள், மூன்று மடங்காகியிருக்கிறது" என்றான். இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் அதைச் சரிபாருங்கள்.

என் கேள்வி இது. அப்போது ஏன் அது நிற்கவில்லை? அத்தனை பேர் அதிகம் அதிகம் என்று சொன்னார்களே.

எடைமேடைத் தம்பி | மதியம் 1.20

எனக்கும் அதுதான் கேள்வி. வேகம் தெரிகிறது, சரி. அந்த வேகத்துக்கு யார் பணம் போடுகிறார்கள்?

கிராணி வீட்டுப் பிள்ளை | மாலை 4.30

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம் பேராவில் வயதானவர்களுக்குத் தெரியும், பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ போட்டிருந்தார்கள். காயை உடைத்து, விதையைப் பெட்டியில் புளிக்கவைத்து, காயப்போடும் வாடை கிராணி வீடு வரைக்கும் வரும். பிறகு காய்த்துளைப்பான் பூச்சி வந்தது, விலையும் படுத்தது, எல்லாம் செம்பனை ஆனது. அதனால் 2024இல் நியூயார்க் கொக்கோ ஏறியதை நான் ஒரு சொந்தக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு தொடங்கும்போது டன்னுக்கு 4,200 டாலர் அளவில் இருந்தது. பிப்ரவரியில் 1977இன் பழைய உச்சத்தைக் கடந்தது. 6,000 வந்தபோது 20 நாள் சராசரியை விட்டு வெகுதூரம் போயிருந்தது. என் பழைய நண்பர் ஒருவர் அங்கே, கையில் சரக்கில்லாமலே, விலை இறங்கியதும் வாங்கி மூடலாம் என்று ஒப்பந்தத்தை விற்றுவைத்தார். விலகலை மட்டும் பார்த்தால் அவர் செய்தது நியாயம். மார்ச் கடைசியில் 10,000. ஓர் ஒப்பந்தம் 10 டன். அதுவரை பிடித்திருந்தால் ஒப்பந்தத்துக்கு 40,000 டாலர் நஷ்டம். அவர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார், வெளியேறுவதற்காக அவரும் வாங்கத்தானே வேண்டியிருந்தது?

இப்போது பெரிய அளவில் யோசியுங்கள். கொக்கோ கொட்டை வாங்கி விற்கும் வணிகர், கையில் உள்ள சரக்கின் விலை விழுந்தால் காப்பாற்றிக்கொள்ள, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தை விற்றுவைப்பார். விலை ஏறினால் சரக்கில் லாபம், ஃபியூச்சர்ஸில் நஷ்டம், இரண்டும் சரியாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் சரக்கின் லாபம் விற்றுப் பணம் வரும்போதுதான் கைக்கு வரும். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றைக்கே ரொக்கமாகக் கட்ட வேண்டும். நாளுக்கு நாள் ஏறும்போது வங்கிக் கடன் தீர்ந்துபோகும். அதோடு ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் விழுந்து, முன்கூட்டியே பேசிவைத்த கொட்டை வரவில்லை. சரக்கு இல்லாமல் விற்ற கணக்கு மட்டும் தனியாக நிற்கிறது. அவர் என்ன செய்வார்? எந்த விலையானாலும் வாங்கி மூடுவார். 7,000 அதிகமா, 9,000 அதிகமா என்று அவர் யோசிக்க நேரமில்லை. விலை ஏறினால் சாதாரண வாங்குபவர் தயங்குவார். இவரோ விலை ஏற ஏறத்தான் வாங்கியாக வேண்டும்.

மாட்டிக்கொண்டவர் வாங்கும்வரை விலகலுக்கு மேல் எல்லை கிடையாது. அதை விலையில் பார்க்க முடியாது. இன்னும் மூடாமல் திறந்திருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையில் பார்க்கலாம். விலை ஏறிக்கொண்டே இருக்க அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால், புதிதாக ஆசைப்பட்டு யாரும் வரவில்லை, பழையவர்கள் தப்பி ஓடுகிறார்கள் என்று பொருள். அந்த ஆண்டு கொக்கோவில் அதுதான் நடந்தது. ஆட்கள் குறைந்த சந்தையில் சின்ன ஆர்டரும் விலையைப் பெரிதாகத் தள்ளும்.

ராஜன், உங்கள் கையுறைக்கு வேறு காரணங்கள். நோய்ப் பரவலில் கையுறை விலையும் நிறுவன லாபமும் உண்மையிலேயே பல மடங்கு ஏறின, அதனால் ஏப்ரலில் அதிகமாகத் தெரிந்த விலை ஆகஸ்டில் மலிவாகத் தெரிந்தது. 2020 மார்ச் முதல் ஆண்டு முடியும்வரை புர்சாவில், கையில் இல்லாத பங்கை விற்கும் ஷார்ட் விற்பனையும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பிரேக் போடுகிறவர்களே களத்தில் இல்லை. பங்கு ஏறினால் வைத்திருப்பவருக்குப் பணம் கட்ட வேண்டிய கால் வாரண்ட் வெளியிட்ட நிறுவனங்களும், விலை ஏற ஏறத் தங்களைக் காத்துக்கொள்ள மூலப் பங்கையே இன்னும் வாங்கும். அது அவர்களின் கருத்து இல்லை, கணக்கு.

லாரி ராஜன் | மாலை 5.05

அப்படியானால் நான் எதிர்த்து நின்றது கருத்து உள்ளவர்களை இல்லை, கணக்குப் பார்த்து வாங்குகிறவர்களை. ஆனால் ஐயா, கொக்கோ பிறகு விழுந்ததே?

கிராணி வீட்டுப் பிள்ளை | மாலை 5.40

விழுந்தது. ஏப்ரல் நடுவில் 12,000ஐத் தொட்டது, மே மாதம் 7,000 பக்கம். மூன்று வாரம் சொச்சத்தில் நடந்தது. ஏறியதைவிட வேகமாக இறங்கியது, ஏனென்றால் மூட வேண்டியவர்கள் மூடிவிட்டார்கள், கீழே தாங்க ஆளில்லை. "பார்த்தீர்களா, விலகல் சொன்னது" என்று சிலர் எழுதினார்கள். அதே சரக்கு டிசம்பரில் புது உச்சம் போனது. மே மாதத்தில் கதை முடிந்தது என்று எழுதியவர்களில் நானும் உண்டு.

கணக்கு டீச்சர் | மாலை 6.15

விலகல் பயனில்லை என்று சொல்ல வருகிறீர்களா? எனக்கு ஒப்பில்லை. நாளுக்கு 5 விழுக்காடு என்று போட்டுப் பார்த்தேன். விலகல் 50ஐத் தாண்டி நிற்கிறது. ஆனால் அந்த வேகத்தில் விலை 14 நாளைக்கு ஒரு முறை இரட்டிக்க வேண்டும். விலகலை அங்கேயே வைத்திருக்கவே இவ்வளவு பணம் வேண்டும். இது பாரம் இல்லையா?

கிராணி வீட்டுப் பிள்ளை | மாலை 6.50

அருமை டீச்சர். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விலகல் 20இலேயே இருப்பது ஒன்று. 20, 26, 33, 41 என்று விரிந்துகொண்டே போவது வேறு. அப்போது வேகமே கூடிக்கொண்டிருக்கிறது, வில்லாக வளைந்து ஏறுகிறது என்பது அதைத்தான். அது நெடுநாள் ஓடாது. ஆனால் எந்த நாளில் நிற்கும் என்று விலகல் சொல்லாது. கடைசி நான்கு நாளில் 50 விழுக்காடு ஏறிவிட்டு நிற்கும் பங்கும் உண்டு.

இன்னொன்று, 20 என்பது எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. நாளுக்கு 1 விழுக்காடுகூட அசையாத வங்கிப் பங்கு 8 விழுக்காடு விலகினால் அது பெரிய செய்தி. தம்பியின் பங்கு போன்றதற்கு 20 சாதாரணம். விலகலைக் காசில் எடுத்து, அந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக எத்தனை காசு மேலும் கீழும் போகிறது என்பதால் வகுத்துப் பாருங்கள்.

எடைமேடைத் தம்பி | இரவு 8.10

வகுத்தேன். 1.38இல் விலகல் 23 காசு, நாள் வீச்சு சராசரி 5 காசு. 4.6 மடங்கு. வெள்ளிக்கிழமை விலகல் 33 காசு, வீச்சு 9 காசு. 3.7 மடங்கு. அதாவது பங்கு இப்போதுதான் குறைவாக நீண்டிருக்கிறதா?

லாரி ராஜன் | இரவு 8.25

எனக்கு இது பிடிக்கவில்லை. வீச்சு 5 காசிலிருந்து 9 காசு ஆனதே சண்டை கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்தப் பெரிய எண்ணால் வகுத்துவிட்டுப் பயமில்லை என்கிறீர்கள். காய்ச்சல்காரனுக்குப் பெரிய தெர்மாமீட்டர் கொடுத்த கதை.

கிராணி வீட்டுப் பிள்ளை | இரவு 8.44

ராஜன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 20 நாள் வீச்சுக்குப் பதில் 60 நாள் வீச்சால் வகுக்கலாம், அப்போது புதிய பரபரப்பு அவ்வளவு கலக்காது. எது சரி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நானே இரண்டையும் பார்க்கிறேன், இரண்டும் முரண்பட்டால் ஒன்றும் செய்வதில்லை.

தம்பிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். விலகல் அந்தப் பங்கின் கடந்த இரண்டு ஆண்டில் இல்லாத அளவுக்கு விரிந்தால் மூன்றில் ஒரு பங்கை விற்பேன். மீதியை, முடிவு விலை முந்தைய 10 நாளின் மிகத் தாழ்ந்த விலைக்குக் கீழே போகும்வரை வைத்திருப்பேன். இதனால் உச்சத்தில் எப்போதும் விற்க முடியாது. வேகமாக ஏறிய பங்கில் அந்த 10 நாள் தாழ்வு 20 விழுக்காடு கீழே இருக்கும், அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். பல முறை மனைவியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். வேகமாக ஏறுவதை ஷார்ட் செய்வது மட்டும் கிடையாது.

சந்தைக் கடை மாமா | இரவு 8.50

அப்படியானால் என் 6.20 திரும்பி வருமா?

லாரி ராஜன் | இரவு 8.52

மாமா, நாளைக்குக் கடைக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

எடைமேடைத் தம்பி | இரவு 9.30

இன்றைய முடிவையும் போட்டுவிட்டேன். காலையில் விலை தாவித் திறந்தது, 2.12இல் முடிந்தது. சராசரி 1.68, விலகல் 26. இன்று ஒரே நாள் வீச்சு 18 காசு, கைமாறிய பங்கும் இந்த ஆண்டிலேயே அதிகம். 20இலேயே இருந்தது முதன்முறையாக விரிந்திருக்கிறது. கையில் பங்கு இல்லாதவன் இதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வாங்கப் பயமாக இருக்கிறது, வாங்காமல் இருப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

கிராணி வீட்டுப் பிள்ளை | இரவு 9.41

கையில் இல்லாதவருக்கு இன்று வேலை இல்லை. நாளைய முடிவு விலை இன்றைய தாழ்வுக்குக் கீழே போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால், இன்று அத்தனை பேரும் மேலே வாங்கிச் சிக்கியிருக்கிறார்கள். போகாவிட்டால் 1.38இல் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது.

கணக்கு டீச்சர் | இரவு 10.20

எண்ணி முடித்தேன். என் நோட்டில் இருந்த 14 பங்குகளில் விலகல் 20ஐத் தாண்டிய தருணங்கள் 23. விலை இறங்கி வந்து சேர்ந்தது 12. சராசரி ஏறி வந்து சேர்ந்தது 11. எல்லாமே விலை இறங்கியதாகத்தான் நினைவில் இருந்தது. நோட்டைத் திறக்காமல் சத்தியம் செய்திருப்பேன்.